காலையில் கம்ப்யூட்டர் காட்டும் தப்பான தேதி

ஜெராக்ஸ் கடை ஒன்றில் ஏழெட்டு வருடமாக ஓடும் டெஸ்க்டாப். இரவு கடையைச் சாத்தும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது வழக்கம். ஒருநாள் காலையில் மெஷினைப் போட்டால் கறுப்புத் திரையில் ‘CMOS checksum error - Defaults loaded’ என்று வருகிறது. எஃப்1 தட்டினால் விண்டோஸ் வந்துவிடுகிறது, ஆனால் தேதி பத்து வருடம் பின்னால் நிற்கிறது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பிரௌசர் மறுக்கிறது. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ஒரு தொடக்கத் தேதி உண்டு. பத்து வருடம் பின்தங்கிய கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழாகத் தெரிகிறது. கடைக்காரர் நெட் போய்விட்டது என்று நினைக்கிறார்; வைரஸ் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். கோளாறு இருப்பதோ மதர்போர்டில் இருக்கும் ஒரு காசு வடிவ பேட்டரியில்.

சிஆர்2032 என்று அதன் முதுகிலேயே அச்சிட்டிருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கம்ப்யூட்டரை ஓட்டுவது இதன் வேலை அல்ல. மின்சாரம் முழுக்க நின்றிருக்கும் நேரத்தில் இரண்டு காரியங்களை மட்டும் பார்த்துக்கொள்கிறது. ஒன்று கடிகாரம். போர்டில் உள்ள சிறு குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர, அதை எண்ணி எண்ணி நேரம் நகர்கிறது. இன்னொன்று, கடிகாரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துளி நினைவகம். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கம்ப்யூட்டரில் இதற்கென்று மோட்டோரோலாவின் சிப் ஒன்று இருந்தது. அதில் மொத்தம் 64 பைட். கடிகாரத்துக்குப் போக மிஞ்சிய 50 பைட்டில் எந்த டிஸ்க், எவ்வளவு மெமரி என்ற அமைப்புகள் குறித்துவைக்கப்பட்டன. மிகக் குறைந்த மின்சாரத்தில் உயிரோடு இருக்கக்கூடிய சிமாஸ் வகைச் சிப் என்பதால், அதைக் காக்கும் பேட்டரிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சிறு நினைவகத்தில் எழுதும்போது பயாஸ் எல்லா எண்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையையும் அங்கேயே எழுதிவைக்கும். மறுநாள் கம்ப்யூட்டர் எழுந்ததும் திரும்பக் கூட்டிப் பார்க்கும். பேட்டரியின் அழுத்தம் சரிந்து ஒரு பைட் கலைந்திருந்தாலும் கணக்கு இடிக்கும். எந்த பைட் கெட்டது என்று பயாஸுக்குத் தெரியாது. அதனால் எதையும் நம்பாமல், கம்பெனி முதலில் வைத்த அமைப்புகளுக்கே போய்விடுகிறது. கடையில் கண்ட அந்த ஆங்கில வரியின் பொருள் இவ்வளவுதான்.

இப்போதைய போர்டுகளில் பெரும்பாலான அமைப்புகள், மின்சாரமே வேண்டாத ஃபிளாஷ் சிப்பில் இருக்கின்றன. அப்படியிருந்தும் பேட்டரி செத்தால் பல போர்டுகளில் அமைப்புகள் போய்விடுவது ஏன்? கடிகாரப் பகுதிக்கு மின்சாரம் அறுந்தால் அங்கே ஓர் அடையாளக் குறி விழுகிறது. அமைப்புகளை அழிக்கும் ஜம்பரைப் போட்டாலும் கடிகாரப் பகுதிதான் தாக்கப்படுகிறது. ஆகவே அந்தக் குறியைக் கண்டதும், பயனர் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறார் என்றே பல ஃபர்ம்வேர்கள் எடுத்துக்கொள்கின்றன. அமைப்புகளைத் தொடாமல் கடிகாரத்தை மட்டும் இழக்கும் போர்டுகளும் உண்டு.

பயமுறுத்தும் விளைவு இதற்குப் பிறகுதான் வருகிறது. டிஸ்கை ரெய்டு முறையில் வைத்து விண்டோஸ் நிறுவிய மெஷினில், அமைப்பு தானாக ஏஹெச்சிஐ முறைக்குத் திரும்பிவிட்டால் ‘INACCESSIBLE_BOOT_DEVICE’ என்று நீலத்திரை வரும். டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டி ஃபார்மட் அடித்துவிட்டால் உள்ளே இருந்த கோப்புகள் போயே போய்விடும். பயாஸில் பழைய முறையைத் திரும்ப வைத்தாலே விண்டோஸ் எழுந்திருக்கும். தேதியும் தப்பாகி, நீலத்திரையும் வந்தால், டிஸ்கைத் தொடும் முன் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரிதானா என்று உறுதி செய்வதற்கான சாவி மெயின் சுவிட்சில் இருக்கிறது. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை பவர் சப்ளை ஒரு மெல்லிய மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டேயிருக்கும். கடிகாரம் அதில்தான் ஓடும். சுவிட்சை அணைத்த பிறகே பேட்டரி வேலைக்கு வருகிறது. யுபிஎஸ்ஸில் இரவும் பகலும் செருகியிருக்கும் ஆபீஸ் மெஷினில் செத்த பேட்டரி மாதக்கணக்கில் தெரியாமலே கிடக்கலாம். ஜெராக்ஸ் கடைக்காரரின் மெஷினிலோ அது ஒவ்வொரு இரவும் உழைக்கிறது. 225 மில்லியாம்ப்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியிலிருந்து கடிகாரம் 6 மைக்ரோஆம்ப் எடுத்தால் 37,500 மணி நேரம் தாங்கும். ஒருபோதும் செருகாமல் வைத்திருந்தால் நாலு வருடத்துக்குச் சற்று மேல். இரவில் மட்டும் அணைத்தால் ஏழெட்டு வருடம்.

ஆகவே சோதனை இரண்டு இரவு நடக்க வேண்டும். முதலில் பயாஸுக்குள் போய் இருக்கும் அமைப்புகளைப் போனில் படம் பிடித்துக்கொள்ளவும். தேதியையும் நேரத்தையும் சரிசெய்து, கூடவே அடையாளத்துக்கு ஆபத்தில்லாத ஓர் அமைப்பை, உதாரணமாக நம்லாக் விளக்கு எரிவதை, மாற்றிச் சேமிக்கவும். ஷட்டவுன் செய்து, சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். காலையில் விண்டோஸ் எழ விடாமல் நேராக பயாஸுக்குள் போக வேண்டும். இணையம் கிடைத்ததும் விண்டோஸ் தானே நேரத்தைத் திருத்தி, நோயை மறைத்துவிடக்கூடும். தேதி பழைய வருடத்துக்கு ஓடியிருந்தாலோ, நேற்று அணைத்த நேரத்திலேயே உறைந்து நின்றாலோ சந்தேகம் வலுக்கிறது. அடையாள அமைப்பும் மறைந்திருந்தால் இன்னும் வலு. மறுபடி சரிசெய்து, இரண்டாம் இரவு ஷட்டவுன் மட்டும் செய்து சுவிட்சைப் போட்டபடியே விட வேண்டும். அப்போது எல்லாம் ஒழுங்காக இருந்தால் குற்றவாளி பேட்டரி, அல்லது அதைப் பிடித்திருக்கும் கிளிப். மின்சாரம் இருந்தும் நேரம் தவறினால் தேட வேண்டியது வேறிடத்தில்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் முதல் காலையிலேயே இதையும் பார்க்கலாம்:

```
cat /proc/driver/rtc
```

அதில் ‘batt_status’ என்ற வரியில் ‘dead’ என்றிருந்தால் சிப்பே பேட்டரி போய்விட்டதென்று சொல்கிறது. ‘okay’ என்றிருப்பதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது; இரவுச் சோதனைதான் உறுதி.

நேரம் மிகச் சரியாக 5 மணி 30 நிமிடம் தள்ளியிருந்தால் பேட்டரியைக் கழற்றவே வேண்டாம். ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் முன்னது கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதும். பின்னது வழக்கமாக உலகப் பொது நேரத்தை எழுதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த ஐந்தரை மணி.

மல்ட்டிமீட்டர் இருப்பவர்கள் பிளக்கை உருவிவிட்டு, 20 வோல்ட் டிசி அளவில், பேட்டரி போர்டில் இருக்கும்போதே அளக்கலாம். புதியது 3 வோல்ட்டோ சற்று மேலோ காட்டும். 2.7-க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. லித்தியம் பேட்டரி ஆயுளின் பெரும்பகுதி 3 வோல்ட் பக்கத்திலேயே நின்று, கடைசியில் சட்டென்று சரிவது; அதனால்தான் நேற்றுவரை நன்றாயிருந்த மெஷின் இன்று தடுமாறுகிறது. கழற்றி எடுத்துத் தனியாக அளந்தால் பலவீனமான பேட்டரியும் நல்ல எண் காட்டி ஏமாற்றும்.

மாற்றும்போது அதே சிஆர்2032 தான் வேண்டும். சிஆர்2025 தடிமன் குறைந்தது, கிளிப்பில் தளர்ந்து நிற்கும். கூட்டல் குறி உள்ள பக்கம் பழையது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். விண்டோஸ் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியை முன்பே எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். அமைப்புகள் மாறியதும் அது கேட்கப்படலாம். கழற்றிய பேட்டரியைக் குழந்தை கைக்கு எட்டாமல் உடனே அப்புறப்படுத்த வேண்டும். விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும்.

புதுப் பேட்டரியும் சில வாரங்களில் செத்தால் கடைக்காரர்மீது சந்தேகப்படும் முன், போர்டில் ‘CLR_CMOS’ என்று எழுதிய ஜம்பர் அழிக்கும் இடத்திலேயே மாட்டிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கெட்ட டையோடோ கசியும் கெப்பாசிட்டரோ மின்சாரத்தைக் குடிக்கிறது. அது மதர்போர்டு ரிப்பேர் செய்பவரிடம் போக வேண்டிய கேஸ்.