பட்டி காஞ்சதும் ஒரு போன் பண்ணுங்க அண்ணே

பெயிண்டிங் வேலையில் தகராறு நிறத்தால் வருவது குறைவு. நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, பிடிக்காவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடலாம். அதற்கு அடியில் என்ன போனது, என்ன போகாமல் விட்டது என்பதுதான் தெரிவதில்லை. ஆறு மாதம் கழித்து பீரோவுக்குப் பின்னால் சுவர் செதில் செதிலாக உரியும்போது, ‘ரெண்டு தடவை பட்டி பாத்தேனே’ என்பார் பெயிண்டர். நம்மிடம் மறுபேச்சு இருக்காது. வேலை தொடங்குமுன் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் எழுதி அனுப்பி, அவரிடமிருந்து ‘சரி’ வாங்கிக்கொள்வது அதற்காகத்தான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னை மடிப்பாக்கத்தில் 15 வருடம் ஆன, இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஹாலில் எமல்ஷன், படுக்கையறைகளில் பழைய டிஸ்டெம்பர். பின் படுக்கையறையில் பாத்ரூமை ஒட்டிய சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்பு பூத்திருக்கிறது. குடும்பம் வீட்டிலேயே இருக்கும், பொங்கலுக்குள் முடிய வேண்டும். மெசேஜ் இப்படித் தொடங்கலாம்:

“அண்ணே வணக்கம். நேத்து பேசினதை எழுதி அனுப்புறேன், மாத்தம் இருந்தா சொல்லுங்க. ரெண்டு பெட்ரூம்லயும் டிஸ்டெம்பரை முழுசா சுரண்டிடணும். ஹால்ல உரிஞ்ச இடத்தை மட்டும் சுரண்டி, மத்த இடத்துக்கு உப்புத்தாள் தேய்ச்சாப் போதும். பாத்ரூம் பக்கத்துச் சுவரை இப்போ தொட வேண்டாம்.”

ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய டிஸ்டெம்பரில் சாக்கட்டி மாவு அதிகம், பிடித்து வைக்கும் பசை குறைவு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் நிறம் துணியில் வந்துவிடும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷனை அடித்தாலும் அது அந்த மாவைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். மாவு உதிர்ந்தால் எமல்ஷனும் சேர்ந்தே வரும். ஹால் எமல்ஷனில் துணி சுத்தமாக இருந்தால், கத்தியால் சின்னதாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி, செல்லோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு பெயிண்ட் வராவிட்டால் அந்தச் சுவரைச் சுரண்டுவது வீண் கூலி.

ஓதம் பிடித்த சுவர் பெயிண்டரின் வேலையே இல்லை. ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முதலில் பிளம்பர் வந்து பைப்பையும் டைல்ஸ் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். பிறகு சுவர் காய வேண்டும், அதற்குச் சில வாரம்கூட ஆகலாம். ‘உள்பக்கமா ஒரு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சுடலாம் சார்’ என்று ஆறுதல் சொல்வார்கள். ஈரத்துக்கு வழி அடைபட்டால் அது பூச்சைத் தள்ளிக்கொண்டு கொப்புளமாகக் கிளம்பும். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுப்பதோடு நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். பொங்கலுக்கு அந்த ஒரு சுவர் அழுக்காக இருந்தால் குடி முழுகிவிடாது. பீரோவை அதன் முன்னால், ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் சுவருக்குக் காற்றும் கிடைக்கும்.

அடுத்த பகுதி பட்டியைப் பற்றியது.

“பெட்ரூம்ல சுரண்டின பிறகு ஒரு கை பிரைமர், அப்புறம் ரெண்டு கை பட்டி, தேய்ச்சுத் தூசி தட்டிட்டு மறுபடி ஒரு கை பிரைமர், கடைசியா ரெண்டு கோட்டிங் எமல்ஷன். எல்லாத்துக்கும் அக்ரிலிக் பட்டியே போடுங்க. பட்டி காஞ்சு தேய்ச்சதும் ஒரு போன் பண்ணுங்க, நான் பார்த்த பிறகு பிரைமர் அடிக்கலாம்.”

பல இடங்களில் காணாமல் போவது முதல் பிரைமர்தான். பட்டியில் உள்ள நீரைப் பழைய சுவர் சட்டென்று உறிஞ்சிவிடாமல் தடுப்பதும், பட்டி சுவரைப் பிடித்துக்கொள்ள உதவுவதும் அதன் வேலை. பட்டி ரகத்தைக் குறிப்பிடுவதற்கும் காரணம் உண்டு. ஒயிட் சிமென்ட் பட்டி வெறும் சிமென்ட் பூச்சில் கெட்டியாகப் பிடிக்கும், பழைய பெயிண்ட்டின் மேல் பிடிக்காது.

அந்த போன் வந்ததும் போய்ப் பார்க்க ஒரு டார்ச் போதும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிந்த சுவரில் மேடும் பள்ளமும் தகடு இழுத்த கோடும் நிழலாக எழுந்து நிற்கும். உள்ளங்கையால் தடவினால் வெள்ளையாகத் தூசி ஒட்டக் கூடாது. பிரைமர் ஏறிவிட்டால் பிறகு திருத்தச் சொல்வது இரு தரப்புக்கும் நஷ்டம்.

கதவுகளுக்கு ஒரு வரி தனியாக வேண்டும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்வாகத் தேய்த்தால் தூசி வீடெங்கும் பரவும். குழந்தைகள் உள்ள வீட்டில், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

நிறத்துக்கு ‘லைட் க்ரீம்’ என்று எழுதினால் கடைக்காரர் கொடுப்பதுதான் க்ரீம். ஷேட் கார்டில் உள்ள பெயரையும் எண்ணையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு முன் சின்ன டப்பா ஒன்று வாங்கி, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பகலிலும் டியூப்லைட்டிலும் பாருங்கள். கார்டில் சாதுவாக இருக்கும் நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது அடர்ந்து தெரியும்.

எவ்வளவு வாங்குவது? 10-க்கு 12 அறை, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் சுமார் 400. எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டிங்குக்கு ஏறத்தாழ 100 முதல் 140 சதுர அடி வரும். சீலிங் வெள்ளை தனி என்பதால், இந்த அறைக்கு 4 லிட்டர் டப்பா ஒன்று. வேலை முடிந்து அதில் பாதி மிஞ்சியிருந்தால் ‘மிச்சம் பிடிச்சுக் கொடுத்திருக்கார்’ என்று மகிழ வேண்டாம். ஒரு கோட்டிங் குறைந்திருக்கிறது, அல்லது தண்ணீர் கூடியிருக்கிறது. எவ்வளவு தண்ணீர் என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும்.

கடைசியாக நாள் கணக்கு:

“டிசம்பர் 29 ஆரம்பிச்சு ஜனவரி 11-க்குள்ள முடிக்கணும். முதல்ல முன் பெட்ரூம், அது முடிஞ்சு நாங்க அங்க மாறின பிறகு பின் பெட்ரூம், அப்புறம் ஹால், கிச்சன், கடைசில கதவு கிரில். கோட்டிங்குக்கு நடுவுல நாலு மணி நேரமாவது விடுங்க. பணம் மூணு தடவையா: ஆரம்பத்துல, பட்டி பார்த்த பிறகு, முழுசா முடிச்சதும்.”

மார்கழியில் எல்லா வீட்டுக்கும் பெயிண்டர் வேண்டும். ஒருவரே மூன்று வீட்டை ஒப்புக்கொண்டு ஓடுவார். மழை விட்டுச் சுவர்கள் இன்னும் முழுதாகக் காயாத காலமும் அதுதான். அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது காயவிடும் நேரம். முடியும் தேதி மட்டும் எழுதினால் அந்த வெட்டை நாமே கேட்டு வாங்கியது போலாகும், ஆகவே இடைவெளியையும் எழுதுங்கள். அவர் ‘ரெண்டு நாள் கூட ஆகும்’ என்றால் கிச்சனைத் தை மாதத்துக்குத் தள்ளலாம்.

மிஞ்சும் பெயிண்ட்டில் அரை லிட்டரை இறுக மூடி, மூடியின் மேல் அறையின் பெயரையும் ஷேட் எண்ணையும் எழுதி வையுங்கள். பின்னாளில் ஆணி அடித்த ஓட்டையை அடைத்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் திட்டாகத் தெரியும். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் அடித்தால் தெரியாது.