சதுர அடிக்கு எவ்வளவு?

கட்டடம் கட்ட நினைப்பவர், ஆர்க்கிடெக்டை முதல் தடவை பார்க்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். சிமென்ட், கம்பி, செங்கல் பக்கத்துக்கு எப்படியும் ஒரு பதில் கிடைத்துவிடும்; அனுபவமுள்ள மேஸ்திரிகூடச் சொல்லிவிடுவார். மின்சாரம், ஏசி, தீயணைப்பு, குழாய், லிஃப்ட் என்று வரும்போதுதான் சிக்கல். வேலையிடத்தில் இவை எல்லாவற்றையும் சேர்த்து எம்.இ.பி. என்பார்கள். ஓர் அலுவலகக் கட்டடத்தில் மொத்தச் செலவில் கால் பங்கை இது எளிதாகத் தாண்டிவிடும். ஆனால் அந்தக் கட்டத்தில் கையில் இருப்பது நாலைந்து தளங்களின் கோட்டுப்படம் மட்டும். எந்த அறையில் எத்தனை விளக்கு என்று யாரும் இன்னும் யோசித்திருக்க மாட்டார்கள். வங்கிக்கோ, கம்பெனி போர்டுக்கோ ஒரு தொகையை மட்டும் இப்போதே சொல்லியாக வேண்டும்.

அதனால்தான் பரப்பை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். முன்பு முடித்த ஒரு கட்டடத்தின் எம்.இ.பி. செலவை அதன் பரப்பால் வகுத்து, வரும் ரேட்டைப் புதுக் கட்டடத்தின் பரப்பால் பெருக்குவது. அரசுப் பக்கத்திலும் வழி ஏறக்குறைய இதுதான். மத்தியப் பொதுப்பணித் துறை பீடப் பரப்புக்கான ரேட்டுகளை அவ்வப்போது வெளியிடுகிறது. கட்டடத்துக்கு ஒரு ரேட், அதன்மேல் மின்சாரம், குழாய், தீயணைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சேர்ப்பு, கடைசியில் ஊருக்கு ஊர் மாறும் விலையைச் சரிக்கட்ட ஒரு குறியீடு. முறையில் குற்றம் இல்லை. எந்தப் பரப்பை எந்த ரேட்டால் பெருக்குகிறோம் என்பதில்தான் பணம் தொலைகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கட்டடத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஓர் அலுவலகம்; தரைத்தளமும் அதன்மேல் நான்கு மாடிகளும். தளத்துக்கு 10,000 சதுர அடி வீதம் 50,000. கீழே 10,000 சதுர அடியில் பேஸ்மென்ட் பார்க்கிங். கழிப்பறை, மாடிப்படி, லிஃப்ட் முகப்பு, ஷாஃப்ட் எல்லாம் போக ஏசி போடவேண்டிய இடம் 40,000 சதுர அடி. இனி வரும் ரேட்டுகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. இன்றைய சந்தை விலையாகக் கொள்ள வேண்டாம்.

"போன கட்டடத்தில் எம்.இ.பி. சதுர அடிக்கு 900 ரூபாய் ஆச்சு சார்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். பார்க்கிங்கையும் சேர்த்து 60,000 சதுர அடிக்குப் பெருக்கினால் 5.4 கோடி. பார்க்கிங்கை விட்டால் 4.5 கோடி. ஒரே ரேட், ஒரே கட்டடம், நடுவில் 90 லட்சம் வித்தியாசம். அந்தப் பழைய 900 எந்தப் பரப்பால் வகுத்து வந்தது என்பது சொன்னவருக்கே பெரும்பாலும் தெரிந்திருக்காது. பீடப் பரப்பையும் கார்ப்பெட் பரப்பையும் எப்படி அளப்பது என்று ஐ.எஸ். 3861 என்ற இந்தியத் தர விதி வரையறுத்திருக்கிறது. எஸ்டிமேட் தாளின் தலைப்பில் அதைக் குறிப்பிட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது.

ஆகவே விவரம் தெரிந்த எஸ்டிமேட்டர் ஒற்றை ரேட்டில் நிற்பதில்லை. ஒவ்வொரு வேலையையும் தனி வரியாகப் பிரித்து, அதற்குரிய பரப்பால் பெருக்குவார். ஏசியையே எடுத்துக்கொள்வோம். இந்த மாதிரி அலுவலகத்துக்கு 200 சதுர அடிக்கு ஒரு டன் என்று தோராயமாக வைத்தால், 40,000 சதுர அடிக்கு 200 டன். இந்த டன் எடையின் அளவு அன்று. குளிரூட்டும் திறனின் அளவு, ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றுவது. டன்னுக்கு 70,000 ரூபாய் என்றால் 1.4 கோடி.

இந்த 1.4 கோடியை ஏசி பரப்பால் வகுத்தால் சதுர அடிக்கு 350 ரூபாய். ஐந்து தளங்களின் பரப்பால் வகுத்தால் 280. பார்க்கிங்கையும் சேர்த்தால் 233. மூன்றும் சரியான எண்கள்தான். ஆனால் ஒருவர் 350 என்ற ரேட்டைக் கேட்டு வந்து 60,000 சதுர அடியால் பெருக்கினால் 2.1 கோடி வரும்; 70 லட்சம் வெறும் காற்று. இதனால்தான் ஏசி வரியில் பரப்பை மட்டும் எழுதாமல் டன்னையும் எழுத வேண்டும் என்பேன்.

டன் தெரிந்தால் அடுத்த வரி தானாகப் பிறக்கும். டன்னுக்கு 1.2 கிலோவாட் மின்சாரம் என்று கொண்டால் ஏசிக்கு 240 கிலோவாட். விளக்கும் பிளக் பாயின்டும் சதுர அடிக்கு 5 வாட் வீதம் 250. லிஃப்ட், பம்ப், பேஸ்மென்ட் ஃபேன் எல்லாம் சேர்த்து 60. மொத்தம் 550 கிலோவாட். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் அதில் 80 சதவீதம், அதாவது 440. பவர் ஃபேக்டர் 0.95 என்றால் ஏறக்குறைய 463 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரை எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வைத்தால் 579 வேண்டும். கடையில் 579 கே.வி.ஏ. கிடைக்காது. 630 தான் வாங்க வேண்டும். அதோடு ஹெச்.டி. பேனல், எல்.டி. பேனல், டி.ஜி. செட், கேபிள் எல்லாம் சேர்த்து 1.2 கோடி என்று ஒரே தொகையாகப் போடலாம்.

இதைச் சதுர அடியால் வகுத்து ரேட்டாக்குவது தவறான பழக்கம். டிரான்ஸ்ஃபார்மர் பரப்போடு சீராக வளர்வதில்லை, படிப்படியாகத் தாவுகிறது. லிஃப்டும் தீயணைப்புப் பம்ப் அறையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அப்படித்தான். நம் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட் 40 லட்சம், பம்ப் அறை 25, தண்ணீர்த் தொட்டிக்கான பம்புகளும் சுத்திகரிப்பு நிலையமும் 30 என்று வைத்தால், மின்சாரத்தின் 1.2 கோடியோடு சேர்ந்து இந்தப் படி வகைச் செலவு மட்டும் 2.15 கோடி.

பரப்போடு வளர்பவை தனி. ஏசி 1.4 கோடி, உள் வயரிங்கும் விளக்கும் 86 லட்சம், ஸ்பிரிங்ளர் குழாய்கள் 45, உள் குழாய் வேலை 35, ஃபயர் அலாரம், கேமரா, டேட்டா கேபிள் 40, பேஸ்மென்ட் காற்றோட்டம் 8. கூட்டினால் 3.54 கோடி. இரண்டும் சேர்ந்து 5.69 கோடி, பார்க்கிங்கோடு சேர்த்துப் பார்த்தால் சதுர அடிக்குச் சுமார் 948 ரூபாய்.

இப்போது உரிமையாளர் வருகிறார். "மேலே இன்னொரு மாடி போட்டுக்கலாமே, எவ்வளவு கூடும்?" 948 ரூபாயை 10,000 சதுர அடியால் பெருக்கி 95 லட்சம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பரப்போடு வளரும் வரிகளை மட்டும் ஒரு தளத்துக்குக் கணக்கிட்டால் ஏசி 28, வயரிங் 16, ஸ்பிரிங்ளர் ஏழரை, குழாய் 7, அலாரம் வகையறா 8 என்று மொத்தம் 66.5 லட்சம்தான் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மரும் லிஃப்டும் தாங்குமானால் மாடி எதிர்பார்த்ததைவிட மலிவு.

தாங்காது என்பதுதான் விஷயம். மின்தேவை ஐந்தில் ஒரு பங்கு கூடினால் 579 என்பது 695 ஆகும்; 630 போதாது. டிரான்ஸ்ஃபார்மரும் டி.ஜி. செட்டும் பேனலும் அடுத்த அளவுக்குப் போகும். இதைவிடப் பெரிய படி ஒன்று இருக்கிறது. தளத்துக்கு மூன்றரை மீட்டர், பீடம் 0.6 மீட்டர் என்றால் இப்போதைய உயரம் 18.1 மீட்டர். தமிழ்நாடு ஒருங்கிணைந்த மேம்பாடு மற்றும் கட்டட விதிகள், 2019 இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். இன்னொரு மாடி ஏறினால் 21.6. அனுமதி வாங்கும் வழியே மாறிவிடும். தீயணைப்பு ஏற்பாடுகளும் கூடும். லிஃப்டுக்கும் ஒரு நிறுத்தம் கூடுதல். இவற்றுக்கு 70 லட்சம் என்று வைத்தாலே அந்த மாடியின் எம்.இ.பி. 1.35 கோடியைத் தாண்டும். 95 லட்சம் என்ற பதில் எந்த நிலையிலும் சரியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நிலையில் அதிகம், மறு நிலையில் குறைவு.

எஸ்டிமேட்டோடு ஒரு பி.ஓ.க்யூ. வேண்டும் என்றும் கேட்பார்கள். பி.ஓ.க்யூ. என்றால் வேலை, அளவு, ரேட், தொகை என்று வரிசையாக எழுதும் பட்டியல். வரைபடமே இல்லாதபோது அளவு எங்கிருந்து வரும்? பரப்பிலிருந்துதான் பிறக்க வேண்டும். பேஸ்மென்டைப் பாருங்கள். 10,000 சதுர அடி என்பது 929 சதுர மீட்டர். பேஸ்மென்ட் 200 சதுர மீட்டரைத் தாண்டினால் ஸ்பிரிங்ளர் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பின் நிலை. இத்தகைய இடத்தில் ஒரு ஸ்பிரிங்ளர் தலைக்கு அதிகபட்சம் 12 சதுர மீட்டர் என்றால் 78 போதும். ஆனால் பீம் குறுக்கே வரும், தூண் மறைக்கும், சுவரோரம் மிச்சம் விழும். அதனால் தலைக்கு 9 சதுர மீட்டரையொட்டிக் கணக்கிட்டு 100 என்று எழுதுவார்கள். அந்த 100 ஒரு நேர்மையான எண். 93 என்றோ 107 என்றோ எழுதியிருந்தால், இல்லாத வரைபடத்தை எண்ணிப் பார்த்தது போல ஒரு பாவனை வந்துவிடும்.

கான்செப்ட் கட்டத்து பி.ஓ.க்யூ.வில் கேபிள் 12,347 மீட்டர் என்று கண்டால், வேறு ஏதோ கட்டடத்தின் பட்டியலைப் பிரதியெடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இன்னொரு சோதனையும் உண்டு. ஏசி வரியில் 200 டன் என்றும், மின்சார வரியில் மொத்தத் தேவையே 300 கிலோவாட் என்றும் இருந்தால், இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஏசிக்கே 240 போய்விட்ட பிறகு மீதி 60 கிலோவாட்டில் ஐந்து தளங்களுக்கு விளக்கெரியாது.

வரிகளுக்கு நடுவே விழுந்து தொலைபவையும் உண்டு. ஏசி வெளி யூனிட்டுக்கு வரும் பவர் கேபிளை ஏசிக்காரர் எலெக்ட்ரிக்கல் கணக்கில் இருக்கிறது என்பார், எலெக்ட்ரிக்கல்காரர் ஏசி கணக்கில் என்பார். டிரான்ஸ்ஃபார்மர் மேடை, ஷாஃப்ட் அடைப்பு, நிலத்தடித் தொட்டி எல்லாம் சிவில் கணக்கா, எம்.இ.பி. கணக்கா? வாடகைக்கு விடும் அலுவலகமாக இருந்தால் குழப்பம் இன்னும் பெரிது. சில இடங்களில் உரிமையாளர் ஏசியின் ஹை சைடை மட்டும் போட்டுக் கொடுப்பார். டக்ட், கிரில் உள்ளிட்ட லோ சைடு வாடகைக்கு வருபவர் பாடு. அப்படிப்பட்ட கட்டடத்திலிருந்து எடுத்த ரேட்டை, முழுக்கத் தானே போட்டுக்கொள்ளும் கம்பெனியின் கட்டடத்துக்குப் பொருத்தினால் பாதி ஏசி கணக்கிலேயே இருக்காது.

நம் 5.69 கோடியோடு எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 6.26 கோடி. ஒப்பந்த வேலைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் 7.39. முன்பக்கத்தில் 5.69 என்று போட்டு, வரியைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். பட்ஜெட் போடுபவர் கேட்கவேண்டியது 7.39 தான். அதுவும் இந்தக் கட்டத்தில் மேலும் கீழும் இருபது சதவீதம் நகரக்கூடிய எண் என்பதைத் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது. எந்த மாதத்து விலை என்ற தேதியும் கூடவே இருக்க வேண்டும். கேபிளிலும் ஏசிக் குழாயிலும் செம்பு இருப்பதால் அதன் விலை ஏறினால் இரண்டு வரிகளும் சேர்ந்தே ஏறும்.

வரைபடம் வந்ததும் முதலில் திருத்தவேண்டி வருவது பெரும்பாலும் ஏசி வரிதான். மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி என்று ஆர்க்கிடெக்ட் முடிவெடுத்தால் 200 சதுர அடிக்கு ஒரு டன் என்பது 160 சதுர அடிக்கு ஒன்றாகலாம். அப்போது 200 டன் 250 ஆகும். ஏசிக்கு 35 லட்சம் கூடுவதோடு நிற்காது. மின்தேவை 60 கிலோவாட் ஏறி, 579 கே.வி.ஏ. 642 ஆகி, மாடி எதுவும் கூட்டாமலேயே 630 டிரான்ஸ்ஃபார்மர் பற்றாமல் போகும்.