199-லிருந்து 38-க்கு தாவிய சென்னை: தூய்மை நகரப் பட்டியலை எப்படிப் படிப்பது?

மத்திய அரசின் ‘ஸ்வச் சர்வேக்‌ஷன்’ தூய்மை நகரப் பட்டியலில் 2023-ல் சென்னைக்குக் கிடைத்த இடம் 199. அடுத்து, 2025 ஜூலையில் வெளியான 2024-ம் ஆண்டுக்கான பட்டியலில் 38. ஒரே பாய்ச்சலில் 161 இடம் முன்னேற்றம்! அப்படித்தானே தோன்றுகிறது?

கொஞ்சம் பொறுங்கள். 2023-ல் ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை கொண்ட 446 நகரங்களை ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். 2024-ல் பிரிவுகளை மாற்றி, 10 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் நகரங்களைத் தனியாக எடுத்தார்கள். அந்தப் பிரிவில் இருந்தவையே 40 நகரங்கள்தான். அதாவது 38 என்பது கடைசியிலிருந்து மூன்றாவது இடம். கடைசி இடமான 40, மதுரைக்கு. அதற்கும் முன்பு, 2022-ல் இதே போன்ற பெருநகரப் பிரிவில் 45 நகரங்களில் சென்னைக்கு 44-வது இடம். ஆக 44, 199, 38 என்ற மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் ‘எத்தனை பேரில்?’ என்று கேட்காமல் அது ஏற்றமா இறக்கமா என்று சொல்ல முடியாது.

இது பட்டியலை வாசிப்பதில் வரும் குழப்பம். மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்பதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது.

குப்பைக்கு மட்டும் மார்க் இல்லை

2016-ல் 73 நகரங்களோடு தொடங்கிய இந்த ஆய்வு, 2018-ல் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு விரிந்தது. ஆண்டுக்கு ஆண்டு மொத்த மதிப்பெண்ணும் பங்கீடும் மாறும். 2022-ஐ எடுத்துக்கொண்டால் மொத்தம் 7,500. அதில் குப்பை சேகரிப்பு, தரம் பிரிப்பு போன்ற அன்றாடச் சேவைகளுக்கு 3,000. திறந்தவெளிக் கழிப்பிடம் இல்லாத நகரம், குப்பையில்லா நகரத்துக்கான நட்சத்திரம் போன்ற சான்றிதழ்களுக்கு 2,250. மக்கள் கருத்து, மக்கள் பங்கேற்புக்கு இன்னொரு 2,250.

இந்த மூன்றாவது பகுதிதான் ரொம்ப சுவாரஸ்யமானது. ஆரம்ப ஆண்டுகளில் மக்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று, ‘உங்கள் நகரம் இந்த ஆய்வில் பங்கேற்பது உங்களுக்குத் தெரியுமா?’ என்பது. ‘தெரியும்’ என்று சொன்னால் நகரத்துக்கு மதிப்பெண். தெருவில் குப்பை எடுத்தார்களா இல்லையா என்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எதுவுமில்லை. ஆனால், மதிப்பெண் உண்டு என்றால் நகராட்சி என்ன செய்யும்? போர்டு வைக்கும், சுவரில் படம் வரையும், ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பும். பாலத் தூண்களில் திடீரென ஓவியங்கள் முளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2018-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த ஆண்டு மொத்தம் 4,000 மதிப்பெண்ணில் 1,400 மக்கள் கருத்துக்கு. அதற்குள்ளேயே ‘ஸ்வச்சதா’ ஆப்பை எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், புகார்கள் குறித்த நேரத்துக்குள் தீர்ந்தனவா என்பதற்கும் மார்க் இருந்தது. விளைவு? பல ஊர்களில் மாநகராட்சி ஊழியர்கள் ஆளுக்கு இத்தனை டவுன்லோடு என்று இலக்கோடு வீடுவீடாக அலைந்தார்கள். குப்பையைக் கண்காணிக்க வேண்டிய சுகாதார ஆய்வாளர், மக்களின் போனை வாங்கி ஆப்பை ஏற்றிக்கொண்டிருந்தார்.

20 புகார் அப்படியே கிடக்க, 90 சதவீதம் வருவது எப்படி?

ஒரு கற்பனை நகராட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் மக்கள் ஆப்பில் 40 புகார்கள் போடுகிறார்கள். அதில் 20 மட்டும் நேரத்துக்குத் தீர்கின்றன. தீர்வு விகிதம் 50 சதவீதம். மேலிடத்திலிருந்து போன் வருகிறது: ‘ஏன் இவ்வளவு கம்மி?’

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, நிலுவையில் உள்ள 20 புகார்களையும் போய்ப் பார்ப்பது. அவை பெரும்பாலும் கஷ்டமானவை: உடைந்த சாக்கடை, ஒப்பந்ததாரர் எட்டிப் பார்க்காத சந்து, யார் பொறுப்பு என்றே தெரியாத காலி மனை. இரண்டாவது வழி சுலபம். வழக்கமாகப் பெருக்கப்படும் கடைவீதியில், பெருக்குவதற்கு முன் ஊழியரே ஒரு போட்டோ எடுத்துப் புகாராகப் போட வேண்டும். பெருக்கியதும் இன்னொரு போட்டோ. புகார் தீர்ந்தது! இப்படி 160 புகார்கள் சேர்ந்தால் மொத்தம் 200, தீர்ந்தவை 180. விகிதம் 90 சதவீதம். கூடவே ஆப்பின் பயன்பாடும் கூடிவிடும், அதற்கும் தனி மார்க்.

அந்த 20 புகார்கள்? அப்படியேதான் கிடக்கின்றன.

இதில் யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு போட்டோவும் நிஜம், பெருக்கியதும் நிஜம். அதனால்தான் தணிக்கையில் இது சிக்குவதில்லை. கண்டுபிடிக்க வேண்டுமானால் சதவீதத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் பார்க்க வேண்டும். புகார்கள் ஒருசில எண்களிலிருந்தே வருகின்றனவா? ஆய்வுக்கு முந்தைய வாரங்களில் மட்டும் குவிகின்றனவா? முதல் போட்டோவுக்கும் இரண்டாவது போட்டோவுக்கும் இடைவெளி சில நிமிடங்கள்தானா? புகார் வரும் வார்டுகளில் குடிசைப் பகுதிகள் இருக்கின்றனவா, இல்லை பஸ் ஸ்டாண்டும் கடைவீதியும் மட்டும்தானா?

கள ஆய்வுக் குழு வரும்போதும் இதே கதைதான். ஆய்வாளர்கள் பார்க்கக்கூடிய பொதுக் கழிப்பிடம், மார்க்கெட், ரயில் நிலையச் சாலை ஆகியவை பளபளக்கும். இருக்கிற ஆட்கள் அதேதான், அதனால் அங்கே கூடுதலாகப் போன தூய்மைப் பணியாளர் வேறு ஏதோ ஒரு உட்தெருவிலிருந்து எடுக்கப்பட்டவராகத்தான் இருப்பார்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் உள்ளாட்சிகளின் மறுசுழற்சி விகிதம் எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வெட்டிய புல்லும் இலைதழையும் கனமானவை. அதனால் தோட்டக் கழிவை வாங்கிச் சேர்த்தாலே விகிதம் ஏறிவிடும். எடையே இல்லாத பிளாஸ்டிக் உறைகளைப் பிரிக்கப் பாடுபட்டால் எண்ணில் பெரிதாக எதுவும் தெரியாது.

அப்போ பட்டியலே வேண்டாமா?

அப்படிச் சொல்வதும் நியாயமில்லை. 2017-லிருந்து தொடர்ந்து முதலிடம் பிடித்த இந்தூர், வீட்டு வாசலிலேயே குப்பையைத் தரம் பிரித்து வாங்கும் பழக்கத்தை உண்மையிலேயே கொண்டுவந்தது. பிரித்த ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்க, நாளொன்றுக்கு 550 டன் கையாளும் ஆலையும் 2022-ல் அங்கே திறக்கப்பட்டது. போட்டோ மட்டும் எடுத்து இதைச் சாதிக்க முடியாது. மார்க்குக்காகத்தான் தொடங்கினார்கள் என்றாலும் வேலை நடந்திருக்கிறது.

ஆனால், அதே இந்தூரில்தான் 2025 டிசம்பர் இறுதியில், பாகீரத்புரா பகுதியில் குடிநீரில் கழிவுநீர் கலந்து ஏராளமானோர் நோயுற்றார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன. நாட்டின் தூய்மையான நகரம் என்ற பட்டம் அப்போதும் அதன் கையில்தான் இருந்தது. பட்டியல் பொய் சொல்லவில்லை. அது குப்பையையும் கழிப்பிடத்தையும் பார்க்கிறது, மண்ணுக்கடியில் ஓடும் பழைய குடிநீர்க் குழாயை அல்ல. குழாய் மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை, பல ஆண்டு இழுக்கும், வெளியே தெரியாது, ஆண்டு முடிவில் மேடையேறி விருது வாங்கவும் உதவாது.

சென்னைக்கும் இதே கணக்கு பொருந்தும். கொடுங்கையூர், பெருங்குடி கிடங்குகளில் மலையாய்க் குவிந்த பழைய குப்பையைத் தோண்டிப் பிரிப்பது ஒரே ஆண்டில் முடிகிற காரியம் அல்ல. அடுத்த பட்டியலில் சென்னைக்கு 38-ஐவிட நல்ல இடம் கிடைத்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிரிவில் இந்த முறை எத்தனை நகரங்கள் என்பது. அடுத்து, மார்க் எந்தத் தலைப்பில் கூடியது என்பது. கிடங்குச் சீரமைப்பிலா, சான்றிதழிலா, இல்லை மக்கள் கருத்திலா?