படத்தில் சிமிட்டல் தெரியாது

பிரிண்டரில் ஆரஞ்சு விளக்கு மின்னுகிறது. உடனே ஒரு போட்டோ எடுத்து, பழுது பார்ப்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். போட்டோவில் விளக்கு எரிவதோ அணைந்திருப்பதோதான் தெரியும். எத்தனை முறை சிமிட்டுகிறது என்பது தெரியாது. பழுதின் பெயரே அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

கேனன் ஜி1010 பிரிண்டரை எடுத்துக்கொள்வோம். அதன் எச்சரிக்கை விளக்கு மூன்று முறை மின்னி நின்று, மறுபடி மூன்று முறை மின்னினால் தாள் சிக்கியிருக்கிறது என்று பொருள். எட்டு முறை என்றால், கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு நிறையப்போகிறது. முன்னதை நாமே சரிசெய்யலாம், பின்னதற்குச் சர்வீஸ் சென்டர்தான். அடுத்த மாடலான ஜி2010-இல் சிறு திரை இருப்பதால், அதே தாள் சிக்கலை E03 என்று எழுத்திலேயே காட்டிவிடும்.

ஆகவே படம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எண்ணோடு முழு மாடல் பெயர். “கேனன் சார்” என்ற பதில் போதாது, ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்து, எந்த விளக்கு, என்ன நிறம், இடைவெளிக்குள் எத்தனை முறை? எண்ண முடியாவிட்டால் பத்து விநாடி வீடியோ போதும்.

தாளை எடுத்த பிறகும் மூன்று சிமிட்டல் தொடர்ந்தால், இழுத்தபோது தாள் கிழிந்ததா என்று கேளுங்கள். உருளைக்கடியில் மாட்டிய நகத்தளவு துண்டே போதும், பிரிண்டர் ஓடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து உள்ளே தேடச் சொல்லுங்கள்.