ஒன்றைத் தொடாத வளைவு

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து கிளம்பிய சேலஞ்சர் விண்வெளி ஓடம் 73 விநாடிகளில் வானிலேயே சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். ஓடத்தின் பக்கவாட்டில் பொருத்தியிருந்த திட எரிபொருள் ராக்கெட்டின் இணைப்பு ஒன்றில், ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய் வாயுவைத் தடுக்க முடியாமல் விட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. முந்தின நாள் இரவே ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிரைச் சுட்டிக்காட்டி, ஏவுதலைத் தள்ளிப்போடச் சொல்லியிருந்தார்கள். அந்த இரவு விவாதத்தில் வளையம் சேதமான பயணங்களின் வெப்பநிலையை மட்டும் பார்த்தார்கள். சேதமே ஆகாத பயணங்களின் வெப்பநிலையைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிந்திருக்கும் என்ற கேள்வி பின்னாளில் புள்ளியியல் பாடநூல்களில் இடம்பிடித்தது. விடை காண அவர்கள் எடுத்த கருவி லாஜிஸ்டிக் ரெக்ரஷன். அதன் நடுவே இருப்பது சிக்மாய்டு என்ற வளைகோடு. அந்தக் கோட்டின் இரண்டு கடைசி முனைகளில் என்ன நடக்கிறது என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சேலஞ்சருக்கு முந்தைய பயணங்களில் ராக்கெட்டுகள் மீட்கப்பட்டு வளையங்களைச் சோதிக்க முடிந்தவை 23. அவற்றில் 7 பயணங்களில் வளையத்துக்குச் சேதம். ஏவும்போது இருந்த வெப்பநிலை 53 டிகிரி பாரன்ஹீட்டிலிருந்து 81 டிகிரி வரை, அதாவது சுமார் 12 முதல் 27 செல்சியஸ் வரை. 65 டிகிரிக்குக் கீழே நான்கு முறை ஏவினார்கள், நான்கிலும் சேதம். அதற்கு மேலே 19 முறை, மூன்றில் மட்டும் சேதம். இந்த 23 விவரங்களையும் கொடுத்து ‘சேதம் ஆகும், ஆகாது’ என்பதை வெப்பநிலையோடு பொருத்தினால் இப்படி ஒரு கோடு கிடைக்கிறது:

```
z = 15.0429 - 0.2322 × T
```

T என்பது பாரன்ஹீட் வெப்பநிலை. z எந்த எண்ணாகவும் வரலாம், மைனஸ் ஆயிரமாகக்கூட. நமக்கு வேண்டியதோ நிகழ்தகவு. அது 0-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்வது சிக்மாய்டு:

```
p = 1 / (1 + e^(-z))
```

z பெரிய நேர் எண்ணாகும்போது e^(-z) கரைந்து பூஜ்யத்தை நெருங்குகிறது. கீழே மிஞ்சுவது 1 மட்டும். p ஒன்றை நெருங்குகிறது. z பெரிய எதிர் எண்ணானால் e^(-z) ராட்சத எண்ணாகி, ஒன்றை அதால் வகுக்கும்போது p பூஜ்யத்தை நெருங்குகிறது. இவைதான் சிக்மாய்டின் இரண்டு எல்லைகள். கணிதப்படி இரண்டையும் அது ஒருநாளும் தொடுவதில்லை. z = 10 என்றால் p 0.99995; z = -10 என்றால் 0.00005. வித்தியாசம் மிச்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் அந்த மிச்சம் அதிவேகமாகச் சுருங்குகிறது. முனைகளில் கோடு ஏறக்குறைய படுத்துவிடும் இந்த நிலையைத்தான் தெவிட்டுநிலை என்கிறோம்.

இனி வெப்பநிலைகளைப் போட்டுப் பார்க்கலாம். 81 டிகிரியில் z -3.77, சேத நிகழ்தகவு 0.023. சுமார் 65 டிகிரியில் z பூஜ்யத்தை ஒட்டி வருகிறது, நிகழ்தகவு பாதி. 53 டிகிரியில் z 2.74, நிகழ்தகவு 0.94. சேலஞ்சர் கிளம்பும் நேரத்துக்கு என்று இந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முன்கணிப்பு வெப்பநிலை 31 டிகிரி, அதாவது உறைநிலைக்குச் சற்றுக் கீழே. அங்கே z 7.84, நிகழ்தகவு 0.9996.

65-லிருந்து 53-க்கு 12 டிகிரி இறங்கியதில் நிகழ்தகவு கிட்டத்தட்ட 0.45 ஏறிவிட்டது. 53-லிருந்து 31-க்கு 22 டிகிரி இறங்கியும் ஏறியது 0.06 மட்டுமே. பார்ப்பவருக்கு இரண்டாவது இறக்கம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றலாம். அது தவறு. ஏறுவதற்கு இடம் இல்லாததால்தான் ஏறவில்லை. ஓர் இடத்தில் கோட்டின் சாய்வு p(1-p) என்ற பெருக்கலுக்குச் சமம். நடுவில், p பாதியாக இருக்கும்போது, அது 0.25, அதற்கு மேல் போகாது. p 0.9996 ஆகும்போது அதே பெருக்கல் 0.0004-ஆக விழுந்துவிடுகிறது. 65 டிகிரிக்கு அருகில் ஒரு டிகிரி குளிர்ந்தால் நிகழ்தகவு ஏறக்குறைய 0.058 மாறும். 31 டிகிரிக்கு அருகில் அதே ஒரு டிகிரிக்கு மாறுவது 0.0001-கூட இல்லை.

அபாயம் உண்மையில் எவ்வளவு கூடியது என்று அறிய p-ஐ விட்டுவிட்டு, சேதம் ஆவதற்கும் ஆகாமல் இருப்பதற்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். அந்த விகிதம் e^z. 53 டிகிரியில் அது 15-க்கு 1. 31 டிகிரியில் சுமார் 2,550-க்கு 1. நூற்று அறுபது மடங்குக்கும் மேலான உயர்வை 0.94, 0.9996 என்ற இரண்டு எண்கள் மூடி மறைத்திருக்கின்றன. முனையில் நிற்கும் எந்த நிகழ்தகவையும் z-ஆகவோ இந்த விகிதமாகவோ மாற்றிப் படிப்பது நல்ல பழக்கம்.

தெவிட்டுநிலை இதைவிட ஆபத்தான ஒன்றையும் மறைக்கிறது. 0.9996 என்றதும் ‘இதைவிட உறுதி வேறென்ன வேண்டும்’ என்று தோன்றுகிறது. ஆனால் 53 டிகிரிக்குக் கீழே ஒரு பயணம்கூட நடக்கவில்லை. 31 டிகிரியைப் பற்றிச் சொல்வது தரவு அல்ல, நீட்டி இழுத்த சூத்திரம். அந்த 0.2322 என்ற சாய்வும் 23 பயணங்களிலிருந்து வந்தது. அதன் திட்டப்பிழை 0.108. எனவே உண்மையான சாய்வு சுமார் 0.02 முதல் 0.44 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். நடுப்புள்ளியை 65 டிகிரிக்கு அருகிலேயே நிறுத்திவைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், 0.02 என்ற சாய்வுக்கு 31 டிகிரியில் சேத நிகழ்தகவு 0.66, 0.44 என்ற சாய்வுக்கு 0.9999997. விகிதத்தில் சொன்னால் 2-க்கு 1 என்பதிலிருந்து முப்பது லட்சத்துக்கு 1 வரை. ஏவலாமா கூடாதா என்பதற்கு 0.66 என்பதே போதுமான பதில். என்றாலும் 0.9996 என்ற எண்ணின் நான்கு தசம இடங்களையும் அப்படியே நம்பக்கூடாது.

எதிர் முனையிலும் இதே கதை. வெப்பம் கூடக்கூடச் சேதம் பூஜ்யமாகிவிடும் என்று சிக்மாய்டு அடித்துச் சொல்கிறது. ஆனால் சேதமான ஏழில் ஒன்று 75 டிகிரியில் நடந்தது. குளிரைத் தவிர வேறு காரணத்தாலும் வளையம் கெடலாம் என்றால், எத்தனை இதமான நாளிலும் கொஞ்சம் அபாயம் மிஞ்சி இருக்கும். 0, 1 என்ற எல்லைகள் சூத்திரத்தின் குணம். ரப்பருக்கு அது கட்டுப்பட வேண்டியதில்லை.

கோட்டைக் கணினி கண்டுபிடிக்கும் வழியிலும் இந்தத் தட்டையான முனைகள் தொல்லை தருகின்றன. கணினி ஏதோ ஒரு சாய்வில் தொடங்கி, பிழையைக் குறைக்கும் திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. தொடக்கமே தலைகீழாக, +0.2 என்ற சாய்வோடு அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், 15.0429 இருந்த இடத்தில் பூஜ்யம். சேதமில்லாத 70 டிகிரிப் பயணம் ஒன்றைக் கொடுத்தால் z 14, p 0.9999992. உண்மை விடை 0. இதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. ஆனால் பிழையை வர்க்கப்படுத்தி அளந்தால், திருத்தத்தின் அளவில் அந்த p(1-p) வந்து பெருக்கப்படுகிறது. 14-ல் அது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எவ்வளவு பெரிய தவறோ அவ்வளவு சின்னத் திருத்தம். கணினி அசையாமல் நிற்கும், கற்று முடித்துவிட்டதுபோலத் தெரியும்.

லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் பிழையை மடக்கையில் அளப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்போது அந்த p(1-p) வகுத்து அடிபட்டுப்போய், z-க்கான திருத்தத்தின் அளவு வெறும் p கழித்தல் உண்மை விடை என்று மிஞ்சுகிறது. நம் உதாரணத்தில் அது ஏறக்குறைய முழு 1. இதோடு ஒவ்வொரு வெப்பநிலையிலிருந்தும் சராசரியான 69.6-ஐக் கழித்துவிட்டுத் தொடங்கினால் z சிறியதாகி, கோட்டின் செங்குத்தான நடுப்பகுதியிலேயே வேலை நடக்கும்.

மடக்கை வந்ததும் வேறொரு சிக்கல் எட்டிப்பார்க்கிறது. சிக்மாய்டு ஒன்றைத் தொடாது என்பது தாளில்தான். கணினியில் தொட்டுவிடுகிறது:

```python
import math
def s(z):
    return 1 / (1 + math.exp(-z))

s(36)    # 0.9999999999999998
s(37)    # 1.0
s(-37)   # 8.53e-17
s(-710)  # OverflowError
```

கணினியின் வழக்கமான தசம எண்ணுக்கு ஏறக்குறைய பதினாறு இலக்கத் துல்லியம்தான் உண்டு. e^(-37)-ஐ ஒன்றோடு கூட்டும்போது அது அந்தத் துல்லியத்துக்குள் அடங்காமல் காணாமல் போகிறது. பூஜ்யத்தின் பக்கம் அப்படி இல்லை; சின்ன எண்ணைத் தனியாக எழுதிவைக்க இடம் இருக்கிறது. எனவே மேல் முனையில் 1 - p கேட்டால் சுத்தமான பூஜ்யம் வரும், அதன் மடக்கை எடுத்தால் கணக்கு அங்கேயே முறியும். p-ஐக் கண்டுபிடித்துப் பிறகு மடக்கை எடுக்காமல், z-லிருந்தே பிழையைக் கணக்கிடுவதுதான் வழி. சேதமில்லாத பயணத்துக்கு அந்தப் பிழை:

```python
max(z, 0) + math.log1p(math.exp(-abs(z)))
```

z 37 என்றால் பிழை 37 என்றே வரும். எதுவும் உடையாது.

இன்னொரு நிலைமையில் சூத்திரத்தை எப்படி எழுதினாலும் தப்ப முடியாது. 65 டிகிரிக்கு மேலே நடந்த அந்த மூன்று சேதங்களும் நடக்கவே இல்லை என்று வைத்துப் பாருங்கள். அப்போது 63 வரை எல்லாமே சேதம், 66 முதல் எல்லாமே நலம். நடுவில் ஒரு கோடு கிழித்தால் இரண்டு கூட்டமும் சுத்தமாகப் பிரிந்துவிடும். சாய்வை எவ்வளவு செங்குத்தாக்கினாலும் பிழை இன்னும் கொஞ்சம் குறையும். எல்லையைத் தொடாமல் நெருங்கிக்கொண்டே இருக்கலாம் என்பதால் சாய்வு எந்த எண்ணிலும் நிலைகொள்ளாது. இந்தத் தரவை R மென்பொருளிடம் கொடுத்தால் அது ஒரு பெரிய எண்ணைச் சொல்லிவிட்டு இப்படி எச்சரிக்கும்:

```
glm.fit: fitted probabilities numerically 0 or 1 occurred
```

எச்சரிக்கையோடு வரும் சாய்வையும், அதைவிட ராட்சதமாக வரும் அதன் திட்டப்பிழையையும் அறிக்கையில் எழுதிவிடக்கூடாது. சாய்வு பெரிதாவதற்கே ஒரு தண்டம் விதித்துப் பொருத்தினால் கட்டுக்குள் நிற்கும் விடை கிடைக்கும். உண்மைத் தரவில் இந்தச் சங்கடம் வராமல் காத்தவை, 70 டிகிரியில் சேதமான இரண்டு பயணங்களும் 75 டிகிரியில் சேதமான ஒன்றும்தான்.