எல்லாம் சீனியர் மேசைக்கே போனால்

மென்பொருள் நிறுவனத்தில் ஒருவர் எழுதிய நிரல் அப்படியே பயன்பாட்டுக்குப் போய்விடாது. எழுதியவர் அல்லாத இன்னொருவர் அதை வரிவரியாகப் படித்து, ‘சரி, சேர்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல வேண்டும். கோட் ரிவ்யூ என்று இதற்குப் பெயர். வங்கிச் செயலியில் பணம் தப்பான கணக்குக்குப் போகாமல் இருப்பதற்கும், ரயில் டிக்கெட் ஒரே இருக்கைக்கு இரண்டு முறை விற்காமல் இருப்பதற்கும் இந்த இரண்டாவது ஜோடிக் கண்கள் முக்கியமான காரணம்.

அந்தக் கண்கள் யாருடையவை என்பதில்தான் சிக்கல். பெரும்பாலான டீம்களில் விடை தயாராக இருக்கும்: சீனியரிடம் அனுப்பு. அவருக்கு எல்லாம் தெரியும். அவர் ஒப்புக்கொண்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் இது நியாயமான முடிவுதான். ஆனால் ஐந்து பேர் இப்படியே நினைத்தால் ஐந்து பேருடைய வேலையும் ஒரே மேசையில் குவிகிறது.

குவிந்தபின் நடப்பதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். சீனியருக்குப் போன கோரிக்கைகள் இரண்டு மூன்று நாள் பதிலில்லாமல் கிடக்கும். அப்புறம் ஒரு மாலையில் ஏழெட்டுக் கோரிக்கைகள் அரை மணி நேரத்துக்குள் ஒப்புதல் பெற்றுவிடும். அறுநூறு வரி மாற்றம் மூன்று நிமிடத்தில், ஒரு கேள்விகூட இல்லாமல், ‘எல்ஜிடிஎம்’ (பார்த்தேன், நன்றாக இருக்கிறது) என்ற நான்கெழுத்துடன் கடந்து போனால், அதை யாரும் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். குற்றம் சீனியருடையது அல்ல. அத்தனை வரிகளைக் கவனம் சிதறாமல் படிக்க எந்த மனிதராலும் முடியாது.

இதன் வேர் சில சமயம் ஒரே ஒரு வரியில் இருக்கும். கிட்ஹப் தளத்தில் நிரலை வைத்திருக்கும் டீம்கள், எந்தப் பகுதியை யார் பார்க்க வேண்டும் என்பதை `CODEOWNERS` என்ற கோப்பில் எழுதி வைக்கலாம். திட்டம் தொடங்கிய காலத்தில் இருந்தவர் ஒருவரே என்பதால், அதில் இப்படி எழுதியிருப்பார்கள்:

```
*   @senior-dev
```

நட்சத்திரக் குறிக்கு ‘எல்லாக் கோப்புகளும்’ என்று பொருள். ஆண்டுகள் கழிந்து டீம் பெரிதான பிறகும் இந்த வரி அப்படியே கிடக்கும். எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அவருக்கே கோரிக்கை போகும்.

அந்த இடத்தில் தனி ஆளுக்குப் பதில் டீமின் பெயரை எழுதி, டீமின் அமைப்புகளில் தானாக ஆள் ஒதுக்கும் வசதியையும் இயக்கினால், கிட்ஹப்பே ஆளைப் பிரித்துக் கொடுக்கும். அதற்கு இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். ‘ரவுண்ட் ராபின்’ என்பது முறை வைத்துச் சுற்றுவது. கையில் எத்தனை பாக்கி இருக்கிறது என்று பார்க்காது. ‘லோட் பேலன்ஸ்’ பாக்கியையும் கணக்கில் எடுத்து, எந்த 30 நாளை எடுத்துக்கொண்டாலும் எல்லோருக்கும் ஏறக்குறைய சம எண்ணிக்கை வருமாறு பார்த்துக்கொள்ளும்.

சுமை பிரிந்துவிட்டது. அறிவு? ஒரு பணப் பரிவர்த்தனை டீமை எடுத்துக்கொள்வோம். நூறு ரூபாயை மூன்று தவணையாகத் திருப்பித் தரும் நிரலை ஒருவர் எழுதுகிறார். தவணைக்கு 33.33 ரூபாய், மூன்றையும் கூட்டினால் 99.99. ஒரு பைசா காணோம். முறை வைத்துச் சுற்றும்போது இந்த மாற்றம், திரையின் தோற்றத்தை மட்டும் கவனிக்கும் பொறியாளரிடம் போகிறது. அவர் நேர்மையாக உட்கார்ந்து படிப்பார், பெயரிடலில் இரண்டு திருத்தம் சொல்வார், ஒப்புதல் தருவார். தவணைக் கணக்கில் வேலை பார்த்தவர் என்றால் முதலில் தேடுவதே அந்தக் கடைசிப் பைசா எந்தத் தவணையில் சேர்கிறது என்பதைத்தான்.

சரி, அனுபவத்தைப் பார்த்தே ஆளைத் தேர்ந்தால்? அந்தக் கோப்பை முன்பு அதிகம் எழுதியவர், அதிகம் ரிவ்யூ செய்தவர் யார் என்று பழைய பதிவுகளிலிருந்து கண்டுபிடிக்கும் கருவிகள் உண்டு. ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய பதிவில் சீனியர் பெயர்தான் நிறைந்திருக்கும். எனவே கருவி அவரையே சொல்லும். அதனால் பதிவில் அவர் பெயர் இன்னும் கூடும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ‘ஹூடூ’ என்ற முறை இதை நேரடியாக எதிர்கொண்டது. பழைய பதிவின்படி ஒருவருக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை, அவர் கையில் இப்போதுள்ள சுமைக்கு ஏற்பக் குறைத்தது.

அந்த யோசனையை எளிய கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நம் தவணை மாற்றத்துக்கு சீனியரின் அனுபவ மதிப்பெண் 10. அவரிடம் பாக்கி 2,000 வரி. அதே பகுதியில் சில மாதங்களாக வேலை பார்க்கும் இன்னொருவருக்கு 7. பாக்கி 400 வரி. திரைப் பொறியாளருக்கு 1. பாக்கி எதுவும் இல்லை. 400 வரியை ஒரு சுமை என்று கொண்டு, அதோடு ஒன்றைக் கூட்டி வகுத்தால், சீனியருக்கு 10-ஐ 6-ஆல் வகுக்க 1.67 வருகிறது. இரண்டாமவருக்கு 7-ஐ 2-ஆல் வகுக்க 3.5. திரைப் பொறியாளருக்கு அதே 1. மாற்றம் இரண்டாமவரிடம் போகிறது. பாக்கியைக் கோரிக்கைகளின் எண்ணிக்கையால் அளக்காமல் வரிகளால் அளந்ததைக் கவனிக்க வேண்டும். பத்து வரி மாற்றமும் எண்ணூறு வரி மாற்றமும் எண்ணிக்கையில் ஒன்றுதான், படிக்கிறவருக்கு ஒன்றல்ல.

இந்தக் கணக்கை அப்படியே நம்பினாலும் ஆபத்து. இரண்டாமவரிடம் பாக்கி 3,200 வரியாக ஏறிவிட்டால் அவர் மதிப்பெண் 0.78-க்கு இறங்குகிறது. சீனியரின் பாக்கி 4,000 வரியானால் அவருக்கு 0.91. இப்போது 1 வைத்திருக்கும் திரைப் பொறியாளர் முந்திவிடுகிறார், எதுவும் கற்றுக்கொள்ளாமலே! ஆகவே வகுப்பதற்கு முன் ஒரு வாசல் வேண்டும்: இந்தப் பகுதிக்கு அனுபவ மதிப்பெண் 5-க்குக் குறைந்தவர் ஒப்புதல் தரும் பட்டியலிலேயே வரக் கூடாது. வாசலைத் தாண்டியவர்களுக்குள் மட்டுமே சுமை பார்க்க வேண்டும். எல்லோருமே நிரம்பியிருந்தால் மாற்றம் காத்திருக்கட்டும். அந்தக் காத்திருப்பு, இந்தப் பகுதியைத் தெரிந்தவர்கள் போதவில்லை என்று மேலாளருக்கு வரும் நேரான தகவல்.

போதாத இடத்தில் ஆளை உருவாக்கவும் ரிவ்யூ பயன்படும். கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் முன்வைத்த ‘சோஃபியா’ என்ற முறை, வழக்கமாக அனுபவசாலியையே பரிந்துரைக்கும். ஆனால் மாற்றத்தில் உள்ள ஒரு கோப்பைத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே என்று கண்டால், அதைக் கற்றுக்கொள்ளக்கூடிய இன்னொருவர் பக்கம் திருப்பும். அந்தச் சிலரும் வேலையை விட்டுப் போனால் கோப்பு அநாதையாகிவிடும் என்பதே காரணம். நடைமுறையில் திரைப் பொறியாளரை இரண்டாவது வாசகராகச் சேர்க்கலாம்: அவர் படிப்பார், கேள்வி கேட்பார், ஒப்புதல் மட்டும் அவர் கையில் இருக்காது. நான்கைந்து தவணை மாற்றங்களை இப்படிப் படித்தபின் அவர் தானே வாசலைத் தாண்டுவார். எல்லா மாற்றத்துக்கும் இரண்டு பேரைப் போட வேண்டியதில்லை. கூகுளில் நடந்த ரிவ்யூக்களைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஆய்வு, முக்கால்வாசிக்கும் மேற்பட்ட மாற்றங்களை ஒரே ஒருவர்தான் பார்த்தார் என்கிறது.

சீனியரிடமே போக வேண்டியவையும் உண்டு. தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றுவது, கடவுச்சொல்லைச் சேமிக்கும் முறையில் கைவைப்பது போன்றவற்றைத் திரும்பப் பெறுவது கடினம். `CODEOWNERS` கோப்பில் அந்தக் கோப்புறைகளுக்கு மட்டும் அவர் பெயரைத் தனி வரியில், மற்ற வரிகளுக்குக் கீழே எழுதினால் போதும். பல வரிகள் பொருந்தும்போது கடைசியாகப் பொருந்துவதையே கிட்ஹப் ஏற்கும்.

இத்தனையும் செய்தபின் பழைய வழக்கம் பின்வாசலில் நுழையும். கருவி இரண்டாமவரைக் குறித்திருக்கும். எழுதியவரோ சாட்டில் சீனியருக்கு, “அண்ணா, அஞ்சு நிமிஷம் பாத்து அப்ரூவ் பண்ணிடுங்களேன்” என்று தட்டுவார். அவரும் மறுக்க மனமில்லாமல் பார்த்துவிடுவார். இந்த வேலை எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆகவே கருவி அவருக்குச் சுமை குறைவு என்று நினைத்து மேலும் அனுப்பும். “அவர் பார்க்கட்டும், அவருக்குச் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடட்டும்” என்று சீனியர் சாட்டில் பதில் எழுத வேண்டியிருக்கிறது, முதல் சில வாரங்களுக்கு ஒவ்வொரு முறையும்.