கார்டு மறுத்த பிறகும் ஓடும் கணக்கு

ட்ரையல் முடிந்தது, கார்டில் பணம் வரவில்லை, ஆள் போய்விட்டார், கணக்கும் முடிந்தது. சந்தாவுக்கு மென்பொருள் விற்கிறவர்களில் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்ட்ரைப் வழியாகப் பணம் வாங்கும் ஒரு சின்ன நிறுவனம் என்று வையுங்கள். மாதச் சந்தா 20 டாலர், ட்ரையல் 14 நாள். ஒருவர் மார்ச் 1-ஆம் தேதி காலை 10 மணிக்குக் கார்டு எண்ணைக் கொடுத்துச் சேர்கிறார். அப்போது பூஜ்ய ரூபாய்க்கு, மன்னிக்கவும், பூஜ்ய டாலருக்கு ஒரு பில் போடப்படும். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் வங்கியிடம் கேட்பார்கள். பணம் எதையும் பிடித்து வைப்பதில்லை. அன்றைக்குச் சரி என்று சொன்ன கார்டு இரண்டு வாரம் கழித்து இல்லை என்று சொல்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மார்ச் 15 காலை 10 மணிக்கு ட்ரையல் முடிகிறது. உடனே 20 டாலருக்குப் பில் உருவாகும், ஆனால் உடனே வசூல் நடக்காது. சுமார் ஒரு மணி நேரம் அது வரைவாகவே இருக்கும். பலர் சறுக்குவது இந்த ஒரு மணி நேரத்தில்தான். சந்தாவின் நிலை அதற்குள் `trialing` என்பதிலிருந்து `active` என்று மாறியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இன்னொருவர் பணம் கட்டிவிட்டார் என்று எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வார்கள். பணம் வந்ததா என்பதற்கு நம்ப வேண்டியது இந்த 20 டாலர் பில்லுக்கு வரும் `invoice.paid` என்ற அறிவிப்பை மட்டும்தான்.

பதினொரு மணி வாக்கில் பில் உறுதியாகி, கார்டில் பணம் கேட்கப்படுகிறது. வங்கி மறுக்கிறது. பில் `open` என்றே நிற்கும், சந்தா `past_due` ஆகும். வாடிக்கையாளர் வழக்கம்போல உள்ளே நுழைந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார். கதவை மூடுவது ஸ்ட்ரைப்பின் வேலை இல்லை. அந்த நிலையைப் பார்த்து நம் மென்பொருள்தான் மூட வேண்டும்.

அடுத்து, ஏன் மறுத்தார்கள் என்று பாருங்கள். `insufficient_funds` என்றால் கணக்கில் பணம் இல்லை. சம்பள நாள் வந்தால் வந்துவிடும். ஸ்ட்ரைப் பரிந்துரைக்கும் அமைப்பில் இரண்டு வாரத்துக்குள் எட்டு முறை வரை தானாகவே மறுபடி கேட்டுப் பார்க்கும். `lost_card`, `stolen_card` என்று வந்தால் அதே கார்டில் திரும்பத் திரும்பக் கேட்பதில் பயனில்லை. வேறு கார்டு வந்தால்தான் உண்டு. அதனால் இவருக்கு அன்றைக்கே கடிதம் போக வேண்டும்.

இந்தியக் கார்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 2021 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கி விதிப்படி, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க முதலில் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்போடு இ-மேண்டேட் பதிவாகியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவலும் போக வேண்டும். ட்ரையலில் சேர்ந்தபோது கார்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு மேண்டேட் பதியாமல் விட்டிருந்தால், கணக்கில் லட்ச ரூபாய் கிடந்தாலும் மறுப்புதான்.

நம் ஆளுக்கு வருவோம். மார்ச் 24-ஆம் தேதி பணம் போட்டார், அடுத்த முயற்சியில் வசூலாகிவிட்டது. சந்தா `active` ஆனது. அடுத்த பில் எப்போது? ஏப்ரல் 24 என்றுதான் அவர் எதிர்பார்ப்பார். வருவதோ ஏப்ரல் 15. பில் தேதி ட்ரையல் முடிந்த நாளிலேயே பதிந்துவிட்டது, தாமதமாகக் கட்டியதால் அது நகராது. இடைப்பட்ட ஒன்பது நாளும் கதவை மூடி வைத்திருந்தீர்களானால், உபயோகிக்காத நாளுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். சண்டை வரும். அதில் நியாயம் அவர் பக்கம் என்பது என் கட்சி. ஒன்று, அந்த நாட்களில் கதவைத் திறந்து வையுங்கள். அல்லது தேதியை மாற்றிக் கொடுங்கள்.

எட்டு முறையும் தோற்றால்? சந்தாவை ரத்து செய்யலாம், `unpaid` என்று குறிக்கலாம், `past_due` என்றே விட்டுவிடலாம். எதைச் செய்வது என்று முன்கூட்டியே அமைப்பில் சொல்லி வைக்க வேண்டும். விட்டுவிட்டால் ஒவ்வொரு மாதமும் புதுப் பில் ஏறும். மூன்றாவது பில் வரும்போது, ஒரு காசும் கட்டாதவர் பெயரில் 60 டாலர் பாக்கி நிற்கும். இரண்டு வருட வாடிக்கையாளருக்குக் காத்திருக்கலாம். ட்ரையலோடு நின்றவர் எதையும் வாங்கியதே இல்லை. அவருக்கு ரத்துதான் சரி.

ரத்து செய்தாலும் அந்த முதல் 20 டாலர் பில் தானாக மறையாது. வசூல் முயற்சி நிற்கும், பில் `open` என்றே கிடக்கும். அதைத் தேடிப் பிடித்து `void` செய்யுங்கள். இல்லாவிட்டால், வராத பணத்தையெல்லாம் வர வேண்டிய பாக்கி என்று ஆடிட்டர் எழுதிக்கொண்டிருப்பார்.